கவுண்டரில் கேட்பதா, ஐந்தாம் நாள் கேட்பதா: ஒரு பார்லரின் மூன்று கேள்விகள்

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் என் அக்கா பார்லர் வைத்திருக்கிறார். நான்கு நாற்காலி, அக்காவையும் சேர்த்து ஐந்து பேர். திரெட்டிங்குக்கு வருகிறவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள். ஆனால் ஹேர் கலர் போட வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் முறை வருவதில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் காத்திருக்க வைப்பதுதான் காரணம் என்பது அக்காவின் முடிவு. வார இறுதிக்கு மட்டும் ஒரு ஆளைப் பகுதி நேரமாக வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தைக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளர்களிடமே கேட்டுவிடலாம் என்று சொன்னது நான். கணக்கு வழக்கு பார்ப்பது என் வேலை என்பதால் அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

கேட்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தோம். ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டும் எல்லாரும் சட்டென்று தேர்ந்தெடுக்கிற வழிகள்.

முதல் வழி, கவுண்டரில் ஒரு டேப்லெட். பணம் கட்டியதும் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. இதில் உள்ள வசதி பெரியது: பத்து வினாடி வேலை, கிட்டத்தட்ட எல்லாரும் தொட்டுவிடுவார்கள். மூன்று வாரத்தில் 112 பேர் தொட்டார்கள். அதில் 104 பேர் மேலே உள்ள இரண்டு சிரிப்பு முகங்களைத் தொட்டிருந்தார்கள். அக்காவுக்கு சந்தோஷம். எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் திரும்பி வராமல் போகிறவர்களும் அந்த 104 பேருக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

காரணம் அந்த இடத்தில் நின்று பார்த்தால் புரியும். தலையில் கை வைத்து ஒன்றரை மணி நேரம் வேலை செய்த பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் முகத்துக்கு நேரே யார் அழுகிற முகத்தைத் தொடுவார்கள்? "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நம் பழக்கம். அது பொய் அல்ல, மரியாதை. ஆனால் மரியாதையை எண்ணி வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது கலர் வேலைக்கே உரியது. கலர் போட்டு ப்ளோ டிரை செய்து முடித்த நிமிடத்தில் எந்தத் தலையும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் ஷாம்பு போட வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவோம். அதற்கப்புறம் வீட்டில் தலை குளித்து, வெயிலில் நின்று கண்ணாடி பார்க்கும்போதுதான் காதோரத்தில் நரை மூடவில்லை என்பதோ, வேர்ப்பகுதி ஒரு நிறம், நுனி ஒரு நிறம் என்பதோ தெரியும். கவுண்டரில் நிற்கும்போது வாடிக்கையாளருக்கே தெரியாத விஷயத்தை அங்கே கேட்டால் என்ன பதில் வரும்? திரெட்டிங் வேறு. புருவம் சரியாக வந்திருக்கிறதா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும், அதற்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயால் கேட்டாலே போதும். ஃபேஷியலுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும், சிவப்பு அடங்கினதா, பரு கிளம்பியதா என்பதெல்லாம் அதற்குள் தெரியவரும். ஆகவே எல்லா வேலைக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற கருத்துக் கணிப்பு எதுவாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது வழி, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகிற ஒரே கேள்வி: "எங்களை உங்கள் தோழிக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்." 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் ஒரு வணிக இதழில் எழுதிப் பரவிய முறை இது. 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 7, 8 கொடுத்தவர்கள் கணக்கில் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பெரிய நிறுவனத்துக்கு இது உதவலாம். சின்னக் கடைக்கு இரண்டு இடத்தில் காலை வாரிவிடுகிறது.

முதலாவது, ஆட்களின் எண்ணிக்கை. முதல் மாதம் 40 பேர் பதில் போட்டார்கள். 22 பேர் 9 அல்லது 10, 12 பேர் 7 அல்லது 8, மீதி 6 பேர் அதற்கும் கீழே. 55 சதவீதத்தில் 15ஐக் கழித்தால் 40. அடுத்த மாதமும் 40 பேர்தான், ஆனால் எண் 30ஆக இறங்கிவிட்டது. அக்காவுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. பிரித்துப் பார்த்தால் மேலே 20 பேர், கீழே 8 பேர். இரண்டே இரண்டு பேர் மேலிருந்து கீழே போனதற்கு எண் பத்துப் புள்ளி இறங்கியிருக்கிறது. இரண்டு பேர் என்பது எந்த மாதமும் தற்செயலாக நடக்கக்கூடியது. நூறு பேருக்குக் கீழே பதில் வருகிற கடை இந்த எண்ணை மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, மதிப்பெண் என்றால் நம்மவர்கள் மனதில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. இங்கே ஓ லெவல் தேர்வில் 75 எடுத்தாலே ஏ1. பிள்ளைகளை அந்தத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிற அம்மாவுக்கு பத்துக்கு 8 என்பது நல்ல பாராட்டு. இந்த முறையிலோ அது கணக்கிலேயே சேராது. வாராவாரம் வருகிற ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு 7 போட்டிருந்தார். அக்கா மனம் கேட்காமல் விசாரித்தபோது, "பத்துக்குப் பத்து யாருக்கும் போடமாட்டேன்மா, ஏழு நல்ல மார்க்குதானே" என்றார்.

எண்ணுக்குப் பதிலாகச் சொற்களைப் போடலாமே என்று தோன்றும். அதையும் முயன்றோம். ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கி மிக நன்று, நன்று, பரவாயில்லை, சுமார், மோசம் என்று வரிசை போட்டேன். அப்புறம்தான் என் தப்பு உறைத்தது. "பரவாயில்லை" என்பதை ஒருவர் "எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது" என்ற பொருளில் சொல்வார், இன்னொருவர் "விடு, போகட்டும்" என்ற பொருளில் சொல்வார். "சுமார்" என்பது பார்க்க நடுநிலைபோல இருக்கும், வாயில் வரும்போது அது நாகரிகமாகச் சொன்ன "பிடிக்கவில்லை". ஆங்கிலத்தில் நடுவில் நிற்கிற சொல்லுக்குத் தமிழில் நடுவில் நிற்கிற சொல் கிடைப்பதில்லை. பாதிப் பேர் ஆங்கிலத்திலும் பாதிப் பேர் தமிழிலும் நிரப்புகிற கடையில் அந்த இரண்டு குவியலையும் ஒன்றாகக் கூட்டினால் வருவது வெறும் குழப்பம்.

மூன்றாவது வழிக்கு இங்கிருந்துதான் வந்தோம். எப்படி இருந்தது என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேட்பது. நடந்ததைச் சொல்வதில் யாரையும் புண்படுத்தும் சங்கடம் இல்லை. விலையை முன்பே சொன்னார்களா இல்லையா என்பதற்கு மரியாதைக்காகப் பதிலை மாற்ற வேண்டிய அவசியம் அதிகம் வராது. மொழிபெயர்த்தாலும் பொருள் நகராது. பதில் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

கேள்விகளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு மோசமான பதில் வந்தால் அடுத்த வாரம் கடையில் எதை மாற்றுவோம் என்று அக்கா சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கேள்வி வெளியே. முதலில் பதினொரு கேள்விகள் எழுதியிருந்தோம். பாட்டு பிடித்திருந்ததா, எங்களை எப்படித் தெரியும், வயது என்ன என்பவையெல்லாம் இந்தச் சல்லடையில் போய்விட்டன. ஹேர் கலருக்கு மிஞ்சியவை மூன்று:

1. வேலையைத் தொடங்கும் முன்பு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொன்னோமா? (சொன்னீர்கள், அதே தொகைதான் வாங்கினீர்கள் / சொன்னீர்கள், கடைசியில் கூடுதலாக வாங்கினீர்கள் / சொல்லவில்லை / நினைவில்லை)

2. தலை குளித்த பிறகு நிறம் எப்படி இருக்கிறது? (நான் கேட்ட நிறம்தான் / கேட்டதைவிடக் கறுப்பு / கேட்டதைவிட வெளுப்பு / சில இடத்தில் நரை தெரிகிறது / ஒரே சீராக இல்லை / இன்னும் குளிக்கவில்லை)

3. அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் ஒன்றே ஒன்றை நாங்கள் மாற்றலாம் என்றால் எதை மாற்ற வேண்டும்? (காத்திருக்கும் நேரம் / விலை சொல்லும் விதம் / வேலையின் தரம் / பேக்கேஜ் வாங்கச் சொல்வது / இடமும் சுத்தமும் / எதையும் மாற்ற வேண்டாம்)

"நினைவில்லை", "எதையும் மாற்ற வேண்டாம்" இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் குறை இல்லாதவரும் எதையோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார், நீங்கள் அதை உண்மை என்று நம்பிப் பணம் செலவழிப்பீர்கள். மூன்றாம் கேள்வியில் "ஒன்றே ஒன்று" என்பதுதான் உயிர். எத்தனை வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் தொடுவார்கள், எது முதலில் என்பது தெரியாமல் போகும். பேக்கேஜ் பற்றிய பதிலைச் சேர்க்க அக்காவுக்கு மனமில்லை. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நம் ஊரில் ஃபேஷியல் நாற்காலியில் படுத்திருக்கும்போதே பத்து முறைக்கான பேக்கேஜை விற்கப் பார்ப்பது எவ்வளவு பேரை எரிச்சல்படுத்துகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கடைக்காரருக்குப் பிடிக்காத பதில் பட்டியலில் இல்லையென்றால் அது வெளியே வரவே வராது.

அனுப்பும் விதத்திலும் சில சின்னத் தேர்வுகள் உண்டு. கூகிள் படிவத்தில்தான் செய்தோம். `Limit to 1 response` என்பதை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் கூகிள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், பலர் அதோடு மூடிவிடுவார்கள். மின்னஞ்சல் சேகரிப்பதையும் அணைத்துவிடுங்கள். என்ன வேலை செய்துகொண்டார், எந்த வாரம் என்பதை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதில்லை. `Get pre-filled link` என்ற வசதியில் அந்தக் கட்டத்தை நாமே நிரப்பி அனுப்பலாம். இணைப்பின் கடைசியில் இப்படி இருக்கும், எண் ஒவ்வொரு படிவத்துக்கும் மாறும்:

```
viewform?usp=pp_url&entry.123456789=COLOUR-W2
```

அந்தக் கட்டம் வாடிக்கையாளர் கண்ணுக்கும் தெரியும் என்பதால் அதில் பெயரையோ தொலைபேசி எண்ணையோ போடக்கூடாது. பெயர் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே பெயரை ஒளித்து வைத்தால் அது நம்பிக்கை மோசடி.

வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். புதிதாக வந்தவர்தான் நமக்கு முக்கியம், அவர் சேமித்திருக்கமாட்டார். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று செய்திதான். எந்த நாள் அனுப்புவது என்பதற்கு மூன்றாம் நாளையும் ஐந்தாம் நாளையும் பார்த்தோம். மூன்றாம் நாளில் "இன்னும் குளிக்கவில்லை" நிறைய வந்தது, ஐந்தாம் நாள் பொருந்தியது. செய்தியின் முதல் வரியிலேயே, "தலையில் அரிப்போ எரிச்சலோ இருந்தால் இதை நிரப்ப வேண்டாம், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று போட்டோம். ஒவ்வாமை வந்தவர் சொல்வது பெயரில்லாத படிவத்துக்குள் போய் ஒரு மாதம் கிடக்கக்கூடாது.

நிரப்பினால் பத்து வெள்ளி தள்ளுபடி தரலாம் என்று அக்கா சொன்னார். வேண்டாம் என்றேன். சலுகைக்காக வருகிற பதில் அவசரத்தில் தொட்டதாக இருக்கும் என்பது ஒன்று. கருத்து மட்டும் கேட்கும் செய்தியோடு சலுகையைச் சேர்த்தால் அது விளம்பரச் செய்தியாகி, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைபேசி விளம்பரத்துக்கு உள்ள விதிகளுக்குள் போய்விடும் என்பது இன்னொன்று. நல்ல பதில் தந்தவரை மட்டும் கூகிள் விமர்சனப் பக்கத்துக்கு அனுப்புகிற தந்திரமும் சிலர் சொன்னார்கள். கூகிளின் விதிகளே அதைத் தடுக்கின்றன. அதை விடவும், கேள்வி கேட்பதன் நோக்கமே அங்கே மாறிவிடுகிறது.

சரி, என்ன வந்தது? ஐந்து வாரத்தில் கலர் போட்ட 74 பேருக்கு அனுப்பினோம், 31 பேர் நிரப்பினார்கள். டேப்லெட்டோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் முதல் கேள்விக்கு "அதே தொகை" என்றவர்கள் 14 பேர் மட்டுமே. 9 பேர் கடைசியில் கூடுதலாக வாங்கியதாகவும் 5 பேர் முன்பே சொல்லவில்லை என்றும் குறித்திருந்தார்கள், 3 பேருக்கு நினைவில்லை. மூன்றாம் கேள்வியில் விலை சொல்லும் விதத்தை மாற்றச் சொன்னவர்கள் 10 பேர், காத்திருக்கும் நேரம் 6, பேக்கேஜ் 5, வேலையின் தரம் 3, எதையும் மாற்ற வேண்டாம் என்றவர்கள் 7. வரி வரியாகப் பார்த்தபோது அந்த 10 பேரில் 9 பேர் முதல் கேள்வியில் கூடுதலாக வாங்கினீர்கள் அல்லது சொல்லவில்லை என்றவர்கள். நடந்ததைப் பற்றிய பதிலும் விருப்பத்தைப் பற்றிய பதிலும் இப்படிப் பொருந்தினால், ஆட்கள் குறைவாக இருந்தாலும் அதை நம்பி இறங்கலாம் என்பது என் கருத்து.

காரணம் கடைக்குள்ளேயே இருந்தது. தோள்வரை உள்ள முடிக்கு 90 வெள்ளி. அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாவது டியூப் வேண்டும், 35 வெள்ளி கூடும். வந்து உட்கார்ந்ததும் 90 என்று சொல்லிவிடுவார்கள். கொண்டையை அவிழ்த்துக் கலவை கலக்கும்போதுதான் ஒரு டியூப் போதாது என்று தெரியும். அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, பில்லில் 125 வரும். அந்த இடத்தில் நின்று சண்டை போடப் பிடிக்காமல் பேநவ்வில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டேப்லெட்டில் சிரிப்பு முகத்தையும் தொட்டிருப்பார்கள்.

மாற்றியது ஒன்றுதான். கலவை கலப்பதற்கு முன் முடியை முழுதும் சீவிப் பார்த்து, ஒரு டியூப்பா இரண்டா என்று முடிவு செய்து, மொத்தத் தொகையை ஒரு அட்டையில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுப்பது. அடுத்த ஐந்து வாரத்தில் அதே கேள்விகள்தான் போயின. 33 பேர் நிரப்பியதில் 27 பேர் அதே தொகை என்றார்கள், கூடுதலாக வாங்கியதாக 2 பேர், சொல்லவில்லை என்று ஒருவர், நினைவில்லை 3. பகுதி நேர ஆளை வைக்கவில்லை. பேக்கேஜ் பேச்சை நாற்காலியில் வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

இதிலும் ஓட்டை உண்டு. பதில் போடாத 43 பேர் யார் என்பது தெரியாது. கோபித்துக்கொண்டு போனவர்தான் படிவத்தைத் திறக்காமல் இருப்பார். அதற்கு எந்தப் படிவமும் உதவாது, தொலைபேசிதான். நான்கு மாதத்துக்கு முன்பு கலர் போட்டு மறுபடி வராத எட்டுப் பேரை அப்பாயின்ட்மென்ட் நோட்டிலிருந்து எடுத்தோம். அக்கா கூப்பிட்டால் மறுபடி "நல்லா இருந்துச்சுக்கா" என்பார்கள் என்பதால் நான் கூப்பிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, அது குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். இப்போது எங்கே போடுகிறீர்கள், அங்கே முதல் தடவை எப்படிப் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஆறு பேர் பேசினார்கள். மூன்று பேர் பொங்கோல், செங்காங் பக்கம் வீடு மாறிப் போனவர்கள், அங்கேயே பக்கத்தில் கடை பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார். மற்ற இரண்டு பேரும் பில்லைப் பற்றித்தான் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு அந்த 35 வெள்ளி இன்னும் நினைவில் இருந்தது.